கசியும் பவுச்சுக்கு மாற்றுச் சரக்கோ கிரெடிட்டோ கேட்டு எழுதுவது: ஓர் அப்பளக் கம்பெனிக் கடிதத்தை வைத்து முழு விளக்கம்

மதுரையில் ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம் பக்கம் அப்பளம் போடுகிறவர்களுக்கு உளுந்து விலைக்கு அடுத்த தலைவலி பாக்கெட் கவர். அப்பளம் நன்றாக இருந்தும் கவரின் ஓரத்தில் ஊசிமுனை அளவு சந்து இருந்தால் போதும், பத்து நாளில் நமுத்துவிடும். கடைக்காரர் கவரைக் குறை சொல்ல மாட்டார், அப்பளத்தைத்தான் சொல்வார். கவர் போட்டுக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "அண்ணாச்சி, உங்க சீலிங் மெஷின்ல சூடு சரியா இருக்கானு பாருங்க."

அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காத கடிதம் ஒன்று எழுத வேண்டும். நான் கணக்கு எழுதும் ஓர் அப்பளக் கம்பெனியில் நடந்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பவுச் போட்டவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை.

விஷயம் இது. மூன்று பக்கம் சீல் செய்து, வாய் மட்டும் திறந்து வரும் அச்சிட்ட பவுச். 12 மைக்ரான் பெட், 40 மைக்ரான் பாலி லேமினேஷன். மொத்தம் 10,000 பவுச், ஐந்து அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 2,000. பவுச் 2 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சரக்கு ஆகஸ்ட் 4ஆம் தேதி வந்தது. 11ஆம் தேதி கீழமாசி வீதிக் கடை ஒன்றிலிருந்து "அப்பளம் நமுத்திருக்கு" என்று பாக்கெட்டுகள் திரும்பி வந்தன.

முதலில் கையை நிறுத்துங்கள்

குறை தெரிந்ததும் அந்தச் சரக்கில் பேக்கிங்கை நிறுத்திவிட வேண்டும். குறை தெரிந்த பிறகும் தொடர்ந்து உபயோகித்தால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 42ஆவது பிரிவில், விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத எதையாவது வாங்கியவர் செய்தாலும், நியாயமான காலம் தாண்டியும் நிராகரிப்பைச் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகு நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் "சரக்கே வேண்டாம்" என்று சொல்லும் பிடி தளர்ந்துவிடும்.

இன்னொரு கெடு இருக்கிறது. பவுச் கம்பெனி குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம் வரும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். பணம் கொடுக்க வேண்டிய கெடுவும் அன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும். "எழுத்தில்" என்பதைக் கவனியுங்கள். போனில் பத்துத் தடவை சொன்னதற்குக் கணக்கில்லை. எங்களுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 19. கடிதம் 13ஆம் தேதியே போய்விட்டது.

மீதிப் பெட்டிகளைத் தனியாக அடுக்கி, "உபயோகிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கம்பெனி லேபிளைக் கிழித்துவிடாதீர்கள். பேக்கிங் செய்யும் பெண்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். ரோல் எண், தேதி, ஷிப்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். எந்த ரோல் என்று சொல்ல முடியாத புகாரை அவர்களால் தங்கள் பதிவேட்டில் தேட முடியாது, தேடவும் மாட்டார்கள். எங்கள் சரக்கில் 1, 2, 3ஆம் பெட்டிகள் ஒரு ரோல், 4ஆவதும் 5ஆவதும் வேறொரு ரோல். கடைசியில் வழக்கே இதில்தான் முடிந்தது.

எத்தனையைச் சோதிப்பது

பத்தாயிரத்தையும் சோதிக்க முடியாது. கைக்கு வந்த பத்தைச் சோதித்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். இதற்கென்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது: ஐஎஸ் 2500, முதல் பாகம். 3,201 முதல் 10,000 வரையிலான லாட்டுக்கு, சாதாரணச் சோதனை நிலையில், 200 மாதிரி எடுக்கச் சொல்கிறது. ஏற்கத்தக்க தர அளவு 1 சதவீதம் என்று வைத்தால், 200இல் 5 வரை குறை இருந்தால் லாட்டை ஏற்கலாம், 6 வந்தால் தள்ளலாம். அதை 2.5 சதவீதம் வரை தளர்த்தினால் 10 வரை ஏற்கலாம்.

நம் ஆர்டரில் இந்த அளவு எதுவும் எழுதியிருக்காது. சின்னக் கம்பெனிகள் யாரும் எழுதுவதில்லை. ஆகவே "ஒப்பந்தப்படி 1 சதவீதம்" என்று கடிதத்தில் போட்டுவிடாதீர்கள், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடுவார்கள். "மாதிரி எடுக்க இந்தத் தர நிர்ணயத்தைப் பின்பற்றினோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இருநூறையும் ஒரே பெட்டியின் மேல்தட்டிலிருந்து எடுக்கக் கூடாது. பெட்டிக்கு 40 வீதம், மேலே, நடுவே, அடியில் என்று பரவலாக எடுத்து, ஒவ்வொரு பவுச்சின் மூலையிலும் பெட்டி எண்ணையும் வரிசை எண்ணையும் மார்க்கரால் எழுதுங்கள். 4-17 என்றால் நான்காம் பெட்டி, பதினேழாவது பவுச்.

சோதனை: நம் மெஷின் குறுக்கே வரக் கூடாது

பவுச்சின் வாயை நாம்தான் சீல் செய்கிறோம். அப்பளம் போட்டு மூடிய பாக்கெட்டைத் தண்ணீரில் அழுத்திக் காட்டினால் கசிவு அவர்கள் சீலிலா, நம் சீலிலா என்ற தகராறு வரும். அதனால் பெட்டியிலிருந்து எடுத்த காலிப் பவுச்சையே சோதிக்க வேண்டும். பலூன் ஊதும் பம்பால் காற்றை நிரப்பி, வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டி, கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பில் பவுச் முழுக்கத் தண்ணீருக்குள் போகும்படி, ஒரு கிலோ எடையை மேலே வைத்து 30 விநாடி பாருங்கள். மூன்று ஓரத்தில் எங்காவது குமிழி விடாமல் வந்தால் கசிவு. கிளிப் பக்கம் குமிழி வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி மடித்துச் சோதிக்க வேண்டும். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழி மேலே ஒட்டியிருந்த காற்றாகவும் இருக்கலாம், அதற்குள் தப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

குமிழி வந்த இடத்தை உடனே மார்க்கரால் வட்டமிட்டு, எந்த ஓரம், அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சீலைக் கையால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். நல்ல சீல் லேசில் பிரியாது. இழுத்தால் பிலிம் நீளும், இல்லையென்றால் சீலுக்குப் பக்கத்தில் கிழியும். மோசமான சீல் ஸ்டிக்கரை உரிப்பது மாதிரி சுத்தமாகப் பிரிந்து வரும், இரண்டு பக்கமும் பிலிம் முழுசாக இருக்கும். எங்கள் நான்காம், ஐந்தாம் பெட்டிப் பவுச்சுகள் அப்படித்தான் பிரிந்தன. இதைப் போட்டோ எடுத்தால் ஒரு பக்கம் எழுத வேண்டியதை அது சொல்லிவிடும்.

பிலிமே மெலிசாகப் போட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். மைக்ரோமீட்டர் இல்லாமலேயே இதைப் பார்க்கலாம். பத்துப் பவுச்சிலிருந்து, சீல் படாத இடத்தில், ஒற்றைப் பிலிமாக 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். பத்தையும் சேர்த்து, நகைக்கடையில் இருப்பது போல் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துங்கள். வந்த கிராமைப் பத்தால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். 12 மைக்ரான் பெட் சுமார் 17 கிராம், 40 மைக்ரான் பாலி சுமார் 37 கிராம், இங்க், பசை எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு கிராம். மொத்தம் 57 பக்கம் வர வேண்டும். பாலியை 30 மைக்ரானாகக் குறைத்திருந்தால் 48க்கு இறங்கிவிடும், தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

எங்களுக்கு இரண்டு ரோலிலும் 56க்கும் 57க்கும் நடுவே வந்தது. பிலிமில் குறையில்லை. அதையும் கடிதத்தில் எழுதினோம். அவர்களுக்குச் சாதகமான அளவையும் நாமே சொல்லும்போது பாதகமான அளவை நம்ப அவர்களுக்குக் கஷ்டமிருக்காது. குறை சீலில்தான் என்பதும் தெளிவாகிவிடும்.

கடைசியாக ஒன்று. முந்தைய லாட்டில் மிச்சம் கிடந்த பவுச்சுகளில் 40 எடுத்து, அதே டப், அதே எடை, அதே ஆளை வைத்துச் சோதித்தோம். ஒன்றும் கசியவில்லை. "உங்கள் சோதனை முறையே தப்பு" என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஒவ்வொரு லாட்டிலும் ஐம்பது பவுச் எடுத்துப் பத்திரப்படுத்தி வைப்பது இதற்காகத்தான்.

எண்கள் சொன்னது

| பெட்டி | ரோல் | சோதித்தது | கசிந்தது |
|---|---|---|---|
| 1 | முதல் ரோல் | 40 | 1 |
| 2 | முதல் ரோல் | 40 | 0 |
| 3 | முதல் ரோல் | 40 | 1 |
| 4 | இரண்டாம் ரோல் | 40 | 9 |
| 5 | இரண்டாம் ரோல் | 40 | 11 |

மொத்தம் 200க்கு 22. 1 சதவீதம் என்றாலும் 2.5 சதவீதம் என்றாலும் லாட் தேறாது. "பத்தாயிரத்தையும் திருப்பி அனுப்புவோம்" என்றுதான் முதலாளி சொன்னார். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: முதல் ரோலில் 120க்கு 2தான், இரண்டாவதில் 80க்கு 20. நோய் இரண்டாம் ரோலில் இருக்கிறது. முழு லாட்டையும் தள்ள நமக்கு வாதம் இருந்தாலும், அச்சிட்ட பவுச் வேறு எங்கும் கிடைக்காது, தீபாவளிக்கு முன்னால் பேக்கிங் நிற்கவும் கூடாது. ஆகவே முதல் மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு, 4, 5ஆம் பெட்டிகளை மட்டும் நிராகரித்தோம். கேட்பது எண்ணோடு ஒட்டி நிற்கும்போது அவர்களும் இழுத்தடிக்க வழியில்லை.

அளவும் சரியாக இருக்கட்டும். நான்காம் பெட்டியிலிருந்து, குறை தெரியும் முன்பே, 400 பவுச் பேக் செய்து வெளியே போயிருந்தது. அதில் 100 திரும்பி வந்தது. 300 விற்றுவிட்டது, அதற்கு நாம் காசு பார்த்துவிட்டோம். எனவே 4,000 கேட்கக் கூடாது, 3,700தான் கேட்க வேண்டும். 3,700ஐ 2.40ஆல் பெருக்கினால் 8,880 ரூபாய், ஜிஎஸ்டி 1,598.40, ஆக 10,478 ரூபாய் 40 காசு.

திரும்பி வந்த அப்பளத்தின் நஷ்டம் வேறு கணக்கு. அதை இந்தத் தொகையில் கலந்தால் மொத்தமும் தொங்கிவிடும். பெரும்பாலான பவுச் கம்பெனிகளின் கொட்டேஷனில் "பொறுப்பு பவுச்சின் விலை வரை மட்டுமே" என்று ஒரு வரி இருக்கும். கேட்பதாக இருந்தால் தனிக் கடிதத்தில் கேளுங்கள்.

மாற்றா, கிரெடிட்டா?

3,700 பவுச்சுக்காக மட்டும் அச்சு மெஷினில் சிலிண்டர் ஏற்றிப் புது ரோல் ஓட்ட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. "அடுத்த ஆர்டரோடு சேர்த்து அனுப்புகிறோம்" என்பார்கள். அடுத்த ஆர்டர் எப்போது என்பது நம் கையில் இருப்பதால் அது நம்மைக் கட்டிப்போடும் வழியும்தான். எனவே இரண்டையும் தேதியோடு கேளுங்கள்: இந்தத் தேதிக்குள் மாற்று, இல்லையென்றால் கிரெடிட் நோட். தேர்வு அவர்களுடையது, தேதி நம்முடையது.

கிரெடிட் நோட்டில் வரிக் கணக்கு ஒன்று உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவில் வரியோடு சேர்த்துக் கிரெடிட் நோட் போட்டால், நாம் எடுத்த உள்ளீட்டு வரியில் 1,598.40ஐத் திருப்பிக் கழிக்க வேண்டும். இப்படிப் போட, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அவர்கள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியே கெடு. சிலர் வரியில்லாமல் 8,880க்கு மட்டும் கிரெடிட் தருவார்கள். அப்போது உள்ளீட்டு வரியைத் தொட வேண்டாம், நஷ்டமில்லை. எந்த வகை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதம்

பில்லில் இருக்கும் கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பி, விற்பனைப் பிரதிநிதிக்கு நகல் போடுங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பலாம், ஆனால் மின்னஞ்சலும் இருக்கட்டும். நாங்கள் அனுப்பியது, பெயரும் எண்களும் நீக்கி:

> பொருள்: பில் எண் ……, தேதி ……, 4, 5ஆம் பெட்டி (ரோல் எண் ……) பவுச் நிராகரிப்பு, 3,700 பவுச்சுக்கு மாற்று அல்லது கிரெடிட் நோட் கோருதல்
>
> ஐயா,
>
> மேற்கண்ட பில்லில் 10,000 அச்சிட்ட பவுச் 04.08 அன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. 11.08 அன்று கடையிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்ததும் பேக்கிங்கை நிறுத்திச் சோதித்தோம்.
>
> 12.08 அன்று ஐஎஸ் 2500 முதல் பாகத்தின்படி பெட்டிக்கு 40 வீதம் 200 காலிப் பவுச்சை நீருக்குள் காற்றழுத்திச் சோதித்ததில் 22 கசிந்தன. இதில் 20, ரோல் எண் …… கொண்ட 4, 5ஆம் பெட்டிகளைச் சேர்ந்தவை. இந்த 20உம் இடது பக்கச் சீலில், அடியிலிருந்து 4 சென்டிமீட்டருக்குள் கசிகின்றன. அங்கே சீல் பிலிம் கிழியாமல் பிரிகிறது. வாய்ப் பக்கம் எங்கள் சீல் போடப்படவில்லை. முந்தைய லாட்டின் 40 பவுச்சை இதே முறையில் சோதித்ததில் கசிவு இல்லை. பிலிமின் எடை இரண்டு ரோலிலும் சரியாக உள்ளது.
>
> எனவே 4, 5ஆம் பெட்டிகளை நிராகரிக்கிறோம். விற்றுப்போன 300ஐக் கழித்து 3,700 பவுச்சுக்கு, 28.08க்குள் மாற்றுச் சரக்கு அனுப்பவும். இயலாதெனில் அதே தேதிக்குள் ரூ.8,880, ஜிஎஸ்டி ரூ.1,598.40, ஆக ரூ.10,478.40க்குக் கிரெடிட் நோட் அனுப்பவும். மற்ற பெட்டிகளுக்கான தொகை உரிய தேதியில் செலுத்தப்படும்.
>
> சரக்கும் சோதித்த மாதிரிகளும் எங்கள் கிடங்கில் தனியே உள்ளன. 20.08க்குள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.
>
> இணைப்பு: பில் நகல், பெட்டி லேபிள் படங்கள், சோதனைப் பட்டியல், கசிவுப் படங்கள் 6, காணொளி 1.

இதில் "உங்கள் மெஷினில் சூடு குறைவு" என்று எங்கும் இல்லை. சூடு குறைந்திருக்கலாம், மெஷின் வேகம் கூடியிருக்கலாம், சீல் படும் இடத்தில் தூசி இருந்திருக்கலாம். காரணம் சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை நமக்கு வரும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், காரணத்தை அவர்கள் தேடட்டும். "பல வருஷப் பழக்கம்", "மன உளைச்சல்" எதுவும் வேண்டாம், படிப்பவர் தரக்கட்டுப்பாட்டு ஆள்.

இணைப்பில் ஐம்பது படம் தேவையில்லை. பெட்டி லேபிள் தெரியும்படி ஒன்று, மார்க்கர் எண் தெரியும்படி கசிவு ஒன்றிரண்டு, பிரிந்த சீல் பக்கத்தில் ஸ்கேலோடு ஒன்று. காணொளியில் பவுச் எண்ணைக் காட்டிவிட்டு, வெட்டாமல், தண்ணீரில் அமுக்குவது வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். சோதனைப் பட்டியலில் 200 வரியும் இருக்க வேண்டும், நல்லது என்று வந்தவையும் சேர்த்து. கீழே சோதித்த இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும்.

பதில் வந்த பிறகு

"சரக்கை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று வந்தால், லாரிச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, நிராகரித்த சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் வாங்கியவருக்கு இல்லை. நிராகரித்ததைச் சொன்னால் போதும். மொத்தத்தையும் அனுப்பாமல், கசிந்ததில் பாதியை மட்டும் அனுப்புங்கள், மீதி நம்மிடம் இருக்கட்டும். அவர்கள் சோதனை வேறு மாதிரி வந்தால், சீல் வலிமையை அளக்கும் ஆய்வகத்துக்குப் போவதுதான் வழி. மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் மையம் மதுரையில் இருக்கிறது, விசாரிக்கலாம். பத்தாயிரம் ரூபாய் விவகாரத்துக்கு அவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

பதிலே வராவிட்டால், 28ஆம் தேதி தாண்டியதும் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பில் தொகை பாக்கி இருந்தால் கோபத்தில் முழுவதையும் நிறுத்தாதீர்கள். தகராறில்லாத மூன்று பெட்டிக்கும் விற்ற 300க்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிடுங்கள். சிறு நிறுவனத்துக்குத் தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி கட்ட நேரிடும்.

எங்களுக்குப் பத்து நாளில் பதில் வந்தது. கிரெடிட் தருவதாகவும், பவுச்சை அங்கேயே அழித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அழிப்பதற்கு முன் அந்தச் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள். அழிப்பதென்றால் நறுக்குவது: ஒவ்வொரு கட்டையும் குறுக்கே வெட்டிய பிறகே பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரிடம் போட வேண்டும். உங்கள் பெயர் அச்சிட்ட முழுப் பவுச் வெளியே போனால், நாளைக்கு வேறு யாரோ போட்ட அப்பளம் உங்கள் பெயரில் சந்தையில் நிற்கும்.

கிரெடிட் நோட் கைக்கு வந்தாலும் கோப்பை மூடாதீர்கள். அதில் பழைய பில் எண், 3,700 என்ற அளவு, வரி மூன்றும் சரியா என்று பாருங்கள். வரியோடு வந்ததென்றால் அடுத்த மாத GSTR-2Bயில் அது ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறிய பிறகு, மார்க்கர் எண் போட்ட பவுச்சுகளைத் தூக்கிப் போடலாம்.